இரண்டு பேருக்கு ஓர் அட்டை மாத்திரை

தனக்குச் சீக்கு என்று ஒன்று வந்ததே இல்லை என்பதில் இசக்கிசெல்விக்கு ஒரு பெருமை உண்டு. இரண்டு பிரசவத்துக்குத் தவிர ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தவள் இல்லை. நாங்குநேரிப் பக்கத்திலிருந்து கல்யாணம் கட்டித் திருவனந்தபுரத்துக்கு வந்த நாள் முதல் சாலைக் கடைத்தெருவை ஒட்டிய ஒரு சைவ ஓட்டலில் காய் நறுக்குகிறாள். விடிவதற்குள் வேலைக்கு ஏறினால், அவியலுக்கும் சாம்பாருக்கும் நறுக்கி முடித்து, மதியச் சாப்பாட்டுக் கூட்டம் ஓய்ந்த பிறகுதான் இறங்குவாள். மகள்கள் இரண்டு பேரையும் கட்டிக்கொடுத்தாகிவிட்டது. வீட்டில் இப்போது அவளும் புருஷன் சுடலைக்கண்ணுவும் மட்டும்.

சீக்காளி என்றால் அந்த வீட்டில் சுடலைக்கண்ணுதான். ஆரியசாலையில் மொத்த அரிசிக் கடைகளுக்கு மூட்டை இறக்குகிறவர். வியாபாரிகள் சேர்ந்து நடத்திய மருத்துவ முகாமில், சும்மா கையை நீட்டியவருக்குப் பிரஷர் இருக்கிறது என்று சொல்லிவிட்டார்கள். அவர் சிரித்தார். நூறு கிலோ தூக்குகிற எனக்கு என்ன பிரஷர் என்றார். இசக்கிசெல்விதான் விடவில்லை. அடுத்த வாரம் அவரை இழுத்துக்கொண்டு நகர ஆரோக்கிய நிலையத்துக்குப் போனாள். அங்கேயும் கூடுதலாகத்தான் காட்டியது. இரத்தம், சிறுநீர் எல்லாம் பார்த்து, தினம் ஒரு சின்ன வெள்ளை மாத்திரை என்று தொடங்கினார்கள். இலவச மாத்திரை. ஒரு மாதத்துக்கு உள்ளதைத் தருவார்கள்.

அன்றிலிருந்து அந்தப் பிரஷர் அவள் பொறுப்பு ஆயிற்று. மாதந்தோறும் அவள் போய் மாத்திரை வாங்குவாள். அவர் வந்தால் அரை நாள் கூலி போகும். எப்போதாவது நர்ஸ் பிடிவாதம் பிடித்தால் மட்டும் வந்து கையை நீட்டிவிட்டுப் போவார். காலையில் அவள் வேலைக்குப் புறப்படும்போது அவரை எழுப்பி உட்காரவைத்து, உள்ளங்கையில் மாத்திரையை வைத்துத் தண்ணீரும் கொடுப்பாள். குழம்பில் உப்பைக் குறைத்தாள். அவர் கடையில் ஊறுகாய் வாங்கித் தின்பது தெரிந்தாலும் அதைப் பற்றிக் கேட்கமாட்டாள். ஆறு மாதத்தில் அவருடைய பிரஷர் நூற்று முப்பத்திரண்டுக்கு இறங்கியது. நர்ஸ் பிரிஸில்லா அவளைத்தான் பாராட்டினாள்.

பிரிஸில்லா எல்லைப்புறத்துப் பாறசாலைக்காரி. மலையாளத்தில் தொடங்கித் தமிழில் முடிப்பாள். ஒருநாள் புதிதாக வந்திருந்த பிரஷர் மிஷினைப் பெட்டியிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்துக்கொண்டிருந்தாள். வரிசையில் முதலில் நின்றது இசக்கிசெல்வி.

"அக்கா, இஞ்ச இருங்க. மிஷின் நல்லா எடுக்குதான்னு உங்க கையில பாப்போம்."

இசக்கிசெல்வி சிரித்துக்கொண்டே கையை நீட்டினாள். பட்டை இறுகியது, தளர்ந்தது. பிரிஸில்லா எண்ணைப் பார்த்தாள், பிறகு இசக்கிசெல்வியைப் பார்த்தாள்.

"ஓடி வந்தீங்களா?"

"பஸ்ஸ விட்டு இறங்கி வெரசா வந்தேன்."

"சாயா குடிச்சீங்களா?"

"குடிக்காம வேலை ஓடுமா?"

"பேசாம அஞ்சு நிமிஷம் சாஞ்சு இருங்க."

இரண்டாவது தடவையும் நூற்று அறுபத்துநாலுக்கு நூறு என்று வந்தது. பழைய மிஷினை எடுத்து வைத்துப் பார்த்தாள். அதிலும் ஏறக்குறைய அதுதான்.

"அக்கா, உங்களுக்குக் கூடுதலாக்கும். ஆனா ஒரு நாள் பாத்து உறப்பிச்சுச் சொல்லக் கூடாது. அடுத்த வாரம் சாயா குடிக்காம வாங்க. திரும்பப் பாத்துட்டு டாக்டர்கிட்ட காட்டலாம்."

"எனக்கா? பிரஷர் அவங்களுக்குல்லா!" என்றாள் இசக்கிசெல்வி.

வீடு போகும் வழியெல்லாம் அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. தலை சுற்றவில்லை, மூச்சு வாங்கவில்லை, கண் இருட்டவில்லை. உடம்பு காட்டாத ஒன்றை ஒரு மிஷின் எப்படிக் காட்டும்? புருஷனுக்கும் அப்படித்தான், ஒன்றும் தெரியாமல்தான் இருந்தது என்ற நினைவும் வந்தது. ஆனால் அது ஆம்பிளை உடம்பு, பீடி குடித்த உடம்பு. தனக்கு எப்படி?

மறுநாள் ஓட்டலில் காசாளர் வேலப்பனிடம் சொன்னாள். அவருக்கு மகன் வெளிநாட்டிலிருந்து அனுப்பிய, மணிக்கட்டில் கட்டுகிற மிஷின் ஒன்று உண்டு. கல்லாவுக்கு முன்னால் நிற்கவைத்து, அவள் கையை உயரமான கல்லா மேசைமேல் தூக்கி வைக்கச் சொல்லிப் பார்த்தார்.

"நூத்தி முப்பத்தாறு! செல்வி, நீ குழந்தையாக்கும். சர்க்கார் மிஷின விசுவசிக்காத."

அவளுக்கு இருந்த பாதிப் பயமும் போயிற்று. அடுத்த வாரம் ஓட்டலில் ஒரு கல்யாண ஆர்டர். அதற்கடுத்த வாரம் கூட வேலைசெய்கிற அம்மிணிக்குக் காய்ச்சல், அவள் வேலையையும் இவளே பார்த்தாள். பிரஷர் பார்க்கும் நாள் வாரத்தில் ஒன்றுதான், அதுவும் காலையில்தான். புருஷனுக்கு மாத்திரை வாங்கவே மாதத்துக்கு ஒரு நாள் கெஞ்சிக் கேட்டு வருகிறவள், தனக்கென்று இன்னொரு நாள் எப்படிக் கேட்பாள்? அடுத்த மாதம் அவள் போன அன்று பிரிஸில்லா விடுமுறையில் இருந்தாள். வேறொரு நர்ஸ் மாத்திரையைக் கொடுத்து அனுப்பினாள். புருஷனை இழுத்துப் போக அவள் இருந்தாள். அவளை இழுத்துப் போக ஆள் இல்லை.

ஓணம் முடிந்த வாரம், பின்கழுத்திலிருந்து உச்சிவரை ஒரு கனம் ஏறி உட்கார்ந்தது. வீட்டுக்கு வந்து சுருண்டு படுத்தாள். அப்போதுதான் பிரிஸில்லா சொன்ன எண் நினைவுக்கு வந்தது. எழுந்து போய்ச் சுடலைக்கண்ணுவின் அட்டையிலிருந்து ஒரு மாத்திரையைக் கிழித்து வாயில் போட்டுக்கொண்டாள். தூங்கி எழுந்தபோது கனம் இல்லை. தூக்கம் சரிசெய்ததா, மாத்திரை சரிசெய்ததா என்று அவள் யோசிக்கவில்லை. ஓஹோ, இதுதான் மருந்து என்று எண்ணிக்கொண்டாள்.

பிறகு அதுவே வழக்கமாயிற்று. தலை கனத்தால் ஒன்று. ஓட்டலில் சமையல் மேஸ்திரியோடு சண்டை என்றால் ஒன்று. கனம் இல்லாத நாள்களில் பிரஷரும் இல்லை என்று அவளாகவே ஒரு கணக்கு. அட்டையோ ஒரே ஆளுக்கு உள்ளது. அவள் எடுத்த அளவுக்கு அவருக்குக் குறைந்தாக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை அவருக்கு மூட்டை இல்லை, சும்மா படுத்திருக்கிறவருக்கு எதற்கு மாத்திரை என்று அன்றைக்கு நிறுத்தினாள். மழை பெய்து லாரி வராத நாளிலும் நிறுத்தினாள். அவர் கேட்டால், "காலையில தந்தேன்லா, மறந்துட்டீங்களா?" என்பாள். அவர் தலையைச் சொறிந்துகொண்டு, "தந்தியா?" என்பார். அந்தச் சமயங்களில் மட்டும் அவளால் அவர் முகத்தைப் பார்க்க முடியாது.

தை பிறந்தபோது டாக்டர் சுடலைக்கண்ணுவை நேரில் வரச் சொன்னார். பிபின் என்று பேர், இளம்பிள்ளை. அளந்து பார்த்தால் நூற்று ஐம்பத்தெட்டு. டாக்டர் பழைய எண்களைப் புரட்டினார்.

"சேட்டா, மருந்து எல்லா திவசமும் கழிக்குன்னுண்டோ?" தினமும் சாப்பிடுகிறாரா என்றுதான் கேட்டார்.

"ஒரு நாளும் தவறாது சார். இவ கையில வச்சுத் தருவா."

டாக்டர் இசக்கிசெல்வியைப் பார்த்தார். அவள் தலையாட்டினாள். அது ஆமாம் என்றா, இல்லை என்றா என்று அவளுக்கே தெரியாது. டாக்டர் ஆமாம் என்று எடுத்துக்கொண்டார். ஒரு மாத்திரை போதவில்லை என்றார். இனி அதையே இரண்டு.

வெளியே வந்ததும் சுடலைக்கண்ணு கேட்டார். "ஏட்டி, மாத்திரை தின்னுக்கிட்டே இருக்கேன், பின்ன எப்பிடிக் கூடுது?"

"எனக்கென்ன தெரியும்?" என்றாள் அவள். இனி அவருடைய மாத்திரையைத் தொடுவதில்லை என்று முடிவு செய்தாள். ஒரு மாதம் தொடவும் இல்லை. காலையில் இரண்டையும் எண்ணி அவர் கையில் வைத்தாள்.

நடந்தது வேறு. இரண்டு மாத்திரை தொடங்கிச் சில வாரங்களில் சுடலைக்கண்ணுவின் கணுக்கால் வீங்கியது. சாயங்காலம் செருப்பு வார் பதிந்து குழி விழுந்தது. கடையில் கூட வேலைசெய்கிறவர்கள் சும்மா இருப்பார்களா? காலில் நீர் என்றால் கிட்னி போகிறது என்று அர்த்தம், இங்கிலீஷ் மாத்திரை கிட்னியைத் தின்னும் என்றார்கள். அவர் பயந்துபோனார். பெண்டாட்டியிடம் சொன்னால் நேரே நர்ஸிடம் போய் நிற்பாள், நர்ஸ் இன்னும் ஒன்று தருவாள். அதனால் அவள் கையில் வைத்த மாத்திரைகளை வாயில் போட்டு நாக்கடியில் ஒதுக்கினார். அவள் படியிறங்கிப் போனதும் வாசல் ஓடையில் துப்பினார். வீக்கம் வடிந்தது. உடம்பு லேசாகவும் இருந்தது. மாத்திரை இல்லாமலே நன்றாக இருக்கிறதே என்று அவருக்கு ஆச்சரியம்.

இசக்கிசெல்விக்கோ மறுபடியும் கனம் வந்தது. அவருக்குத்தான் இரண்டு இருக்கிறதே, ஒன்று எடுத்தால் என்ன என்று எடுத்தாள். இப்படி, ஒருவர் இன்னொருவருக்குத் தெரியாமல், ஒரே அட்டையைக் காலி செய்துகொண்டிருந்தார்கள். மாதக் கடைசியில் அட்டை ஒழுங்காகக் காலியாயிற்று. நர்ஸ் கேட்டபோது எல்லாம் தீர்ந்தது என்று இசக்கிசெல்வி சொன்னாள். அது பொய்யும் இல்லை.

சித்திரையில் மறுபடி நேரில் வரவேண்டும். அன்று பிரிஸில்லா அளந்தாள். நூற்று எழுபத்திரண்டுக்கு நூற்று ஆறு. அவளே நம்பாமல் மறு கையில் பட்டையைக் கட்டிப் பார்த்தாள். டாக்டர் பிபின் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவர் முகத்தில் சிரிப்பு இல்லை.

"ரெண்டு குளிகை கழிச்சிட்டும் இப்படிக் கூடுதுன்னா வேற ஏதோ காரணம் உண்டு. கிட்னிக்குப் போற ரத்தக் குழாய் சுருங்கியிருக்கான்னு பாக்கணும். மெடிக்கல் காலேஜுக்கு எழுதித் தரேன். ஸ்கேன் எடுக்கணும்."

கிட்னி என்ற சொல்லைக் கேட்டதும் சுடலைக்கண்ணுவின் தாடை தொங்கிவிட்டது. இசக்கிசெல்வி மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"சார், எழுதாதீங்க. அவங்க கிட்னிக்கு ஒண்ணும் இல்ல. மாத்திரைய நான் தின்னுட்டேன்."

"நீங்களா?" என்றார் டாக்டர். "எதுக்கு?"

"எனக்கும் உண்டுன்னு சிஸ்டர் ஒரு நாள் சொன்னாங்க. தல கனத்தா எடுப்பேன். அன்னைக்கு அவங்களுக்குக் குறையும்."

டாக்டர் பேனாவை மூடினார். சரி, விஷயம் புரிந்தது என்று அவர் மூச்சுவிடும்போது சுடலைக்கண்ணு வாயைத் திறந்தார்.

"இல்ல சார், அவ சொல்லுதது சரியில்ல. அவ தந்தா. நான்தான் திங்கல. கால் வீங்கிச்சு. ஓடையில துப்பிட்டேன்."

இசக்கிசெல்வி திரும்பிப் புருஷனைப் பார்த்தாள். "துப்புனீங்களா?"

"நீ எடுத்துத் தின்னியா?" என்றார் அவர்.

"எவ்வளவு நாளா?"

"நீ எவ்வளவு நாளா?"

டாக்டர் இரண்டு கைகளையும் தூக்கினார். "ஒரு நிமிஷம். ஒரு நிமிஷம். அப்போ ஆருதான் மருந்து கழிச்சது?"

பிரிஸில்லா வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பா வேறேதாவதா என்று தெரியவில்லை. பிறகு அவள்தான் பேசினாள்.

"சார், நம்ம கணக்குல இந்த அண்ணன் மருந்து எடுக்கிற ஆளு. ஆனா இவரு எடுக்கல்ல. அக்கா பேரு நம்ம கணக்குலயே இல்ல. ஆனா கொஞ்சமாவது உள்ளுக்குப் போனது அவங்களுக்குத்தான்." இசக்கிசெல்வி பக்கம் திரும்பினாள். "அடுத்த வாரம் வாங்கன்னு சொன்னேனே, நீங்க ஏன் வரல்ல? அன்னைக்கு மிஷின் பாக்கத்தான் உங்க கைய எடுத்தேன், பேரு எழுதல்ல. பேரு இருந்தா போன் பண்ணியாவது கூப்பிட்டிருப்போம்."

"ஓட்டல்ல வேலப்பண்ணன் மிஷின்ல நூத்தி முப்பத்தாறுன்னு காட்டிச்சே."

"எங்க கட்டினாரு?"

அவள் மணிக்கட்டைக் காட்டினாள். கல்லாமேல் கையைத் தூக்கி வைத்ததையும் சொன்னாள்.

"கை நெஞ்சுக்கு மேல போனா எண் கீழ இறங்கிரும் அக்கா. உக்காந்து, கை நெஞ்சு உயரத்துல இருக்கணும், வாயும் அடங்கி இருக்கணும். இப்ப இருங்க."

பேசாமல் சாய்ந்து உட்கார்ந்தாள். நெஞ்சு படபடத்தது. இந்தப் படபடப்பிலேயே கூடுதலாகக் காட்டுமே என்று நினைத்தாள். காட்டியது, நூற்று எழுபது. சற்றுப் பொறுத்துப் பார்த்தபோது நூற்று அறுபத்தாறு. இன்னொரு நாள் வரச் சொன்னார்கள். இந்தத் தடவை சுடலைக்கண்ணு கூலி போனாலும் பரவாயில்லை என்று கூடவே வந்து, வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அன்றும் நூற்று அறுபதுக்குக் குறையவில்லை. இரத்தம் எடுத்தார்கள், ஈசிஜி எடுத்தார்கள். அவள் பேரில் ஓர் அட்டை மாத்திரை வந்தது.

அதை வாங்கும்போது அவள் பிரிஸில்லாவிடம் கேட்டாள். "எங்கள மாதிரி வேற யாராவது இப்பிடிக் கோமாளித்தனம் பண்ணுதாங்களா, இல்ல நாங்க மட்டுந்தானா?"

"நீங்க மட்டும்னு நினைக்காதீங்க. உலகம் பூராப் பாத்தாலும் பிரஷர் உள்ளவங்கள்ல பாதிக்கு மேல ஆளு மருந்து எடுக்கல்லன்னுதான் சொல்லுறாங்க. பலருக்கும் இருக்கதே தெரியாது, வலிச்சாத்தானே தேடுவாங்க? சிலருக்குத் தெரியும், தொடங்கமாட்டாங்க. தொடங்கினவங்க குறைஞ்சாச்சுன்னு நிறுத்துவாங்க, கால் வீங்கிச்சுன்னு நிறுத்துவாங்க. தினம் எடுத்தும் இறங்காதவங்களும் உண்டு, அவங்களுக்கு மருந்து கூட்டணும்."

"நான் இதுல எந்தக் கூட்டத்துல?"

"நீங்க அநேகமா எல்லாத்துலயும் இருந்திருக்கீங்க அக்கா."

"தல கனம் அதனாலதானே?"

"ஆவணும்னு இல்ல. கனம் இருந்தாலும் இல்லன்னாலும் அது உள்ள இருக்கும். மருந்து கனத்துக்கு இல்ல. மூளையில ரத்தக் குழாய் அடைக்காம, இதயமும் கிட்னியும் கெடாம இருக்கத்தான். அண்ணன் கிட்னிக்குப் பயந்துல்லா நிறுத்தினாரு? கிட்னியக் கெடுக்கது பிரஷர்தான். கால் வீக்கம் அந்த மாத்திரை கூடினதால. சொல்லியிருந்தா அன்னைக்கே மாத்தியிருப்போம்."

இசக்கிசெல்வி தலையாட்டினாள். விளங்கியது போலவும் இருந்தது, விளங்காதது போலவும் இருந்தது. கனத்துக்கு இல்லை என்றால், அன்றைக்கு மாத்திரை போட்டதும் கனம் போனதே, அது என்ன?

சுடலைக்கண்ணுவுக்குப் பழையதைப் பழைய அளவிலேயே ஒன்று வைத்து, கூட வேறு வகை ஒன்று சேர்த்தார்கள். கணுக்கால் வீங்கவில்லை. இப்போது அவர் பெண்டாட்டியின் கையை எதிர்பார்ப்பதில்லை. சாமி படத்துக்குக் கீழே இரண்டு பேருடைய அட்டைகளும் தனித்தனி டப்பாவில் இருக்கும். அவர் தன்னுடையதைத் தானே எடுத்து, அவள் பார்க்கும்படி வாயில் போட்டு, தண்ணீர் குடித்து, நாக்கை நீட்டிக் காட்டுவார். அவள் முதலில் சிரித்தாள். பிறகு அவர், "நீ காட்டு" என்றபோது அவளும் நீட்டினாள்.

மூன்று மாதம் கழித்து இருவரும் சேர்ந்து போனார்கள். ஓட்டலில் அம்மிணி அவளுடைய வேலையைப் பார்த்துக்கொண்டாள். முதலில் சுடலைக்கண்ணு கையை நீட்டினார். நூற்று இருபத்தெட்டு. அவர் பரீட்சையில் ஜெயித்த பிள்ளை மாதிரி எழுந்து நின்றார்.

அடுத்து இசக்கிசெல்வி. ஒரு நாளும் தவறாமல் எடுத்தவள். ஞாயிற்றுக்கிழமையும் எடுத்தவள். அப்பளம் பொரிக்காதவள். கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நூற்று நாற்பத்தெட்டுக்குத் தொண்ணூற்று நாலு.

"கொறஞ்சிருக்கு. ஆனா போதாது அக்கா," என்றாள் பிரிஸில்லா. "டாக்டர் இன்னொண்ணு சேப்பாரு."

இசக்கிசெல்விக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. "இது என்ன நியாயம் சிஸ்டர்? ஓடையில துப்புன மனுஷனுக்கு இறங்கிட்டு. ஒழுங்காத் தின்ன எனக்கு இறங்கலியே!"

"அவருக்கு ரெண்டு வகை போகுதுல்லா. உங்களுக்கு ஒண்ணுதான். பாதிக்கு மேல ஆளுக்கு ஒண்ணு போதாது. இது உங்க குத்தம் இல்ல."

"பின்ன யாரு குத்தம்?"

"ஆருக்கும் குத்தம் இல்ல. பாத்துப் பாத்து கூட்டணும், அவ்வளவுதான்."

குற்றம் யாருடையதும் இல்லை என்பதுதான் அவளுக்குப் பிடிபடவில்லை. குற்றம் இருந்தால் திருத்திக்கொள்ளலாம். உப்பு கூடினால் தண்ணீர் விடலாம், கறி கரிந்தால் சட்டியை மாற்றலாம். ஒழுங்காகச் செய்தும் சரியாக வராத ஒன்றை அவள் சமையலறையில் பார்த்ததில்லை.

டாக்டர் பிபின் இரண்டாவது மாத்திரையை எழுதித் தந்தார். எத்தனை நாளைக்கு என்று கேட்டாள். நிறுத்தச் சொல்லுகிறவரைக்கும் என்றார். எப்போது நிறுத்தச் சொல்லுவீர்கள் என்று கேட்டாள். அவர் சிரித்தார். அது ஆயுளுக்கும் என்று அவளுக்குப் புரிந்தது. புருஷனுக்கு அதையே ஒன்றரை வருஷத்துக்கு முன்பு அவளே கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். அப்போது அது எவ்வளவு எளிதாக இருந்தது.

பஸ் நிறுத்தத்தில் வெயில் ஏறியிருந்தது. சுடலைக்கண்ணு அவளுடைய பையை வாங்கிக்கொண்டார்.

"இப்ப உனக்கு எப்பிடி இருக்கு?" என்று கேட்டார்.

"ஒண்ணும் இல்ல. நல்லாத்தான் இருக்கு."

"எனக்கும் நல்லாத்தான் இருக்கு. கூடியிருந்தப்பவும் இப்பிடித்தான் இருந்துச்சு."

இசக்கிசெல்வி அவரை ஏறிட்டுப் பார்த்தாள். அவர் சொன்னது சரிதான். கூடினாலும் ஒன்றும் இல்லை, குறைந்தாலும் ஒன்றும் இல்லை. எதை நம்பித் தினமும் மாத்திரைக்கு வாயைத் திறப்பது?

"அப்போ எப்பிடித்தான் தெரிஞ்சுக்கிடது?" என்றாள்.

"அளந்தாத்தான்," என்றார் அவர். தனக்கு அவ்வளவுதான் தெரியும் என்பதுபோல.

பஸ் வந்தது. கூட்டம் அதிகம். உள்ளே ஏறி, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபோது, புது மாத்திரையைச் சாப்பாட்டுக்கு முன்னா பின்னா என்று கேட்க மறந்துவிட்டது அவளுக்கு நினைவு வந்தது. நாளை ஓட்டலிலிருந்து போன் செய்து பிரிஸில்லாவிடம் கேட்டுக்கொள்ளலாம் என்று எண்ணினாள்.